617-ஐ 3-ஆல் வகுத்தால் 25 எப்படி வரும்?

"பிரான்ஸைச் சேர்ந்த ரீயூனியன் தீவில், சேன்-தெனியில் இருக்கிறோம். ஒன்பது வயது மகளின் நோட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். 617-ஐ 3-ஆல் வகுத்து, விடை 25, மீதி 2 என்று எழுதியிருக்கிறாள். டீச்சர் சிவப்பில் அடித்துவிட்டார். 3-ஐ வலப்பக்கம் போட்டதுதான் தப்பா? தஞ்சாவூரில் நாங்கள் இடப்பக்கம்தான் போடுவோம். நம் முறையில் சொல்லித் தந்தால் அழுகிறாள்."

வலப்பக்கம் போட்டது சரிதான். பிரெஞ்சுப் பள்ளிகளில் வகுக்கும் எண் வலப்பக்கம், அதன் கீழே ஈவு. தயவுசெய்து தஞ்சாவூர் முறையை இப்போது புகுத்தாதீர்கள். இரண்டும் கலந்தால் எந்த எண் எதை வகுக்கிறது என்பதே குழந்தைக்குக் குழம்பிவிடும்.

தப்பு நடுவில் இருக்கிறது. 6 போனதும் 1-ஐ இறக்கியிருக்கிறாள். ஈவில் எதுவும் எழுதாமல் உடனே 7-ஐயும் இறக்கிவிட்டாள். ஓர் இலக்கத்தை இறக்கினால் ஈவில் ஓர் இலக்கம் எழுத வேண்டும், பூஜ்யமானாலும் சரி.

```
 617 | 3
-6   |-----
 01  | 205
- 0  |
  17 |
 -15 |
   2 |
```

இதைப் பணமாகச் சொல்லுங்கள். 100 யூரோ நோட்டு ஆறு, 10 யூரோ நோட்டு ஒன்று, 1 யூரோ நாணயம் ஏழு. மூன்று பேருக்குப் பங்கு. நூறில் ஆளுக்கு 2, மீதி இல்லை. பத்து யூரோ நோட்டு ஒன்றே ஒன்றுதான், மூன்று பேருக்குத் தர முடியாது. ஆளுக்கு 0, அதை எழுதியாக வேண்டும். அந்த நோட்டு மீதியாகிறது. அதைப் பத்து நாணயமாக மாற்றினால் ஏழோடு சேர்த்து 17. ஆளுக்கு 5, மீதி 2. ஒவ்வொரு மீதியும் அடுத்த படிக்குச் சில்லறையாகப் போகிறது என்பது புரிந்துவிட்டால், இறக்குவது மந்திரமாகத் தெரியாது. எந்தப் படியிலும் மீதி 3-ஐ விடச் சிறியதாக இருக்க வேண்டும். 3 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னும் பங்கு போடலாம் என்று அர்த்தம்.

ஒரு விதிவிலக்கு, இதில்தான் பெற்றோரும் சறுக்குவார்கள். 217-ஐ 3-ஆல் வகுக்கும்போது 2 நூறு போதாது. அங்கே 0 எழுத வேண்டாம், 21-லிருந்து தொடங்க வேண்டும். 21-க்கு மேல் சின்ன வளைவு போட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். விடை 72, மீதி 1. முதலில் வரும் பூஜ்யத்தை எழுத வேண்டாம், நடுவில் வரும் பூஜ்யத்தை விடக் கூடாது. "பூஜ்யம் எழுதாதே" என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் உங்கள் மகளுக்கு வந்த 25 மறுபடியும் வரும்.

கழித்தலை எழுதாமல் மனதில் போடும் குறுக்குவழி சொல்லித் தரும் டியூஷன்காரர்களை நம்பாதீர்கள். வேகம் வந்தது போலத் தெரியும். தப்பு எந்தப் படியில் என்று அப்புறம் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பள்ளியும் சும்மா அடித்துவிடுகிறது, அந்த 1-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட எவ்வளவு நேரம் ஆகும்? அதை நீங்களே பென்சிலால் போடுங்கள். கட்டத்துக்கு ஓர் இலக்கம் வரட்டும். கணக்கின் அடியில் 3 × 25 + 2 போடச் சொல்லுங்கள். 77 வரும். 617 எங்கே என்று அவளே கேட்பாள்.