வீட்டுப் படத்தில் ஜன்னலும் கதவும் மட்டும் மாற, சுவரும் நிழலும் அப்படியே இருக்க

கேள்வி: வீட்டு முகப்பை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். ஜன்னல் ஃப்ரேமை வேறு மாடலாகவும் வாசல் கதவை வேறு நிறமாகவும் மாற்றிப் பார்க்க வேண்டும். சுவரின் சொரசொரப்பு, நிழல் எதுவும் மாறக்கூடாது. நான் செய்தால் காகிதம் வெட்டி ஒட்டியது போல இருக்கிறது. என்ன தப்பு செய்கிறேன்?

பதில்:

போன மார்ச்சில் இதே வேலையைத் தூத்துக்குடியில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குச் செய்தேன். கிழக்கு பார்த்த வீடு. முன்சுவரில் சொரசொரப்பான பூச்சு, அதன்மேல் சந்தன நிறம். வாசலில் பாலிஷ் போட்ட தேக்குக் கதவு. அதற்குப் பக்கத்தில் ஐந்தடிக்கு நாலடி மர ஜன்னல். கதவைக் கரும்பச்சை ஆக்க வேண்டும், ஜன்னல் வெள்ளை யுபிவிசி ஸ்லைடிங் ஆக வேண்டும் என்று சித்தி சொல்ல, சித்தப்பா “முதலில் படத்தில் பார்ப்போம், அப்புறம் காசு கொடுப்போம்” என்றார். ஜிம்ப்பில் செய்தேன். போட்டோஷாப்பிலும் பெயர்கள் கொஞ்சம் மாறுமே தவிர வழி இதுதான்.

ஒட்டு வைத்த மாதிரி தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் நிறம் அல்ல, வெளிச்ச விகிதம். வேலையைத் தொடங்கும் முன் கலர் பிக்கரை எடுத்து, சுவரில் வெயில் படும் இடத்திலும் சன்ஷேடு நிழல் விழும் இடத்திலும் ஒவ்வொரு புள்ளி வைத்துப் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் எனக்கு வெயிலில் 216, 198, 160 என்றும் நிழலில் 97, 91, 79 என்றும் வந்தது. அதாவது நிழலில் இருப்பது வெயிலில் இருப்பதில் சுமார் 0.45 பங்கு. கதவுக்கு எந்த நிறம் அடித்தாலும் அதன் வெயில் பகுதிக்கும் நிழல் பகுதிக்கும் ஏறக்குறைய இதே விகிதம் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், பார்க்கிறவர் கண்ணுக்கு அது உறுத்தும்.

முதலில் கதவு. Paths கருவியால் கதவுப் பலகையை மட்டும் சுற்றிப் புள்ளி வைத்து, Select > From Path கொடுத்து, ஒரு பிக்சல் Feather வையுங்கள். நிலையைச் சேர்க்காதீர்கள். எங்கள் வீட்டில் நிலைப்படியில் மஞ்சளும் குங்குமமும் இருந்தன. அது பச்சையானால் சித்தி படத்தைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். பித்தளைக் கைப்பிடியையும் பூட்டையும் தேர்விலிருந்து கழித்துவிடுங்கள். அவை ஏற்கெனவே பளிச்சென்று இருப்பதால் அடுத்த படியில் வெளுத்துப் போய்விடும்.

பலரும் இங்கே ஒரு புது லேயரில் பச்சையை நிரப்பி HSL Color என்று மோடு மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். அந்த மோடு நிறத்தை மட்டும் மாற்றும், வெளிச்சத்தைப் பழைய கதவிலிருந்தே எடுத்துக்கொள்ளும். கரும்பழுப்புக் கதவுக்கு மேல் மஞ்சள் போட்டால் சேறு மாதிரி வருவது இதனால்தான். பழைய பெயிண்ட் எவ்வளவு கருப்பு என்பதையும் அங்கே எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்பதையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை. பிரிப்பதை நாம்தான் செய்ய வேண்டும்.

கதவை மட்டும் நகலெடுத்த லேயரில் Colors > Desaturate கொடுத்துச் சாம்பல் ஆக்குங்கள். எனக்கு வெயில் பகுதி 100, நிழல் பகுதி 45 என்று வந்தது. பிறகு Colors > Levels திறந்து, உள்ளீட்டின் வலக்கோடி எண்ணை 255-லிருந்து 110-க்கு இறக்கினேன். எல்லாப் புள்ளியும் ஒரே மடங்கில் உயரும்: 100 என்பது 232 ஆனது, 45 என்பது 104 ஆனது. விகிதம் 0.45-லேயே நின்றது. நடுவில் இருக்கும் காமா முக்கோணத்தைத் தொட வேண்டாம். அதை 1.5-க்கு நகர்த்தினால் 100 என்பது 137 ஆகும், 45 என்பது 80 ஆகும். விகிதம் 0.58. நிழல் வெளிறி, கதவில் மட்டும் வேறு நேரத்து வெயில் அடிப்பது போல ஆகிவிடும். நானும் முதல் தடவை அப்படித்தான் செய்துவிட்டு, என்ன தப்பு என்று தெரியாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அந்தச் சாம்பல் கதவு வெள்ளைக் கதவின் படம் மாதிரி. அதற்கு மேல் கரும்பச்சை (40, 90, 70) நிரப்பிய லேயரை வைத்து Multiply மோடு கொடுங்கள். இரண்டையும் ஒரே குழுவில் போட்டு, குழுவுக்கு மாஸ்க் வைத்தால் ஓரங்கள் பிசகாது. வெயிலில் சுமார் 36, 82, 64, நிழலில் 16, 37, 29 என்று கிடைக்கும். ஜிம்ப் பதிப்பைப் பொறுத்துச் சில எண்கள் முன்பின் இருக்கலாம், விகிதம் பெரிதாக மாறாது. நிறம் பிடிக்கவில்லை என்றால் மேல் லேயரின் நிறத்தை மட்டும் மாற்றினால் போதும்.

இன்னொரு விஷயம். எனாமல் அடித்த கதவில் தேக்கின் ரேகை தெரியாது. ரேகை அப்படியே இருந்தால் பச்சைச் சாயம் ஏற்றிய மரம் மாதிரி இருக்கும். சாம்பல் லேயருக்கு லேசாக Selective Gaussian Blur கொடுத்தால் ரேகை மங்கும், பலகையின் குழிவும் அதன் நிழலும் நிற்கும். கீழே கிரானைட் படியில் கதவின் பிரதிபலிப்பு பழுப்பாகவே கிடந்தது. அதற்கும் அதே பச்சையைக் குறைந்த Opacity-யில் ஏற்றினேன். படியை மாற்றச் சொல்லவில்லையே என்று தோன்றலாம். ஆனால் பச்சைக் கதவுக்குக் கீழே பழுப்புப் பிரதிபலிப்பு இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஜன்னல்தான் நேரம் தின்னும் வேலை. நான் எடுத்த முதல் படத்தில் ஒரு ஜன்னல் கதவு வெளிப்பக்கம் திறந்திருந்தது. அது சுவரில் ஒரு பகுதியை மறைத்தது, அதன் நிழலும் சுவரில் விழுந்தது. ஸ்லைடிங் ஜன்னலுக்கு அப்படியொரு நிழல் இருக்காது. அதை அழிக்கப் போனால் சுவரைத் தொட்டாக வேண்டும். ஆகவே மறுநாள் காலை அதே நேரத்தில், எல்லாக் கதவையும் சாத்திவிட்டு மறுபடி எடுத்தேன்.

உங்களால் மறுபடி எடுக்க முடியாது என்றால், அந்த நிழலை வெளிச்சமாக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். சொரசொரப்புப் பூச்சில் நாம் பார்க்கும் புள்ளிகள் பெரும்பாலும் வெயில் சாய்வாகப் பட்டு ஒவ்வொரு மணலுக்கும் விழும் குட்டி நிழல்கள். பெரிய நிழலுக்குள் அவை இருப்பதில்லை. அதனால் எவ்வளவு வெளிச்சமாக்கினாலும் அந்த இடம் மொழுக்கென்றுதான் தெரியும். பக்கத்தில் அதே உயரத்தில் வெயில் படும் சுவரிலிருந்து Clone கருவியால் எடுத்துப் போடுங்கள். நிழல் ஓரத்தில் Heal கருவி வேண்டாம், அது சுற்றியிருக்கும் இருட்டையும் இழுத்துக் கலக்கும்.

சுவரில் இருக்கும் திறப்பின் விளிம்பைத் தொடாமல், அதற்கு உள்ளே இருப்பதை மட்டும் மாற்ற வேண்டும். புது ஃப்ரேமை நேராகப் பார்ப்பது போலத் தனிப் படமாக வரைந்தேன். ஓர் அங்குலத்துக்கு 25 பிக்சல் என்று வைத்து 1500-க்கு 1200. ஃப்ரேம் பட்டை சுமார் இரண்டரை அங்குலம், அதாவது 60 பிக்சல். ஸ்லைடிங்கில் ஒரு கதவு மற்றதற்குப் பின்னால் ஓடும். ஆகவே நடுவில் பின்கதவு ஓரமாக ஒரு மெல்லிய நிழல் கோடு வேண்டும். அது இல்லாவிட்டால் ஜன்னல் தட்டையாக ஸ்டிக்கர் போலிருக்கும். பிறகு Perspective கருவியால் நான்கு மூலைகளையும் திறப்பின் மூலைகளில் உட்கார வைத்தேன். கண்ணாடிக்குப் பழைய ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த பிரதிபலிப்பையே பயன்படுத்தினேன்.

வெள்ளை என்றதும் 255 போட்டுவிடாதீர்கள். அந்தப் படத்திலேயே வெள்ளையாக இருக்கும் எதையாவது அளந்து பாருங்கள். எங்கள் சன்ஷேடு விளிம்பில் வெள்ளைப் பட்டை இருந்தது. வெயிலில் அது 236, 230, 218. ஃப்ரேமுக்கும் அதையே கொடுத்தேன். நிழல் பகுதிக்கு அதை 0.45-ஆல் பெருக்கினேன். நீலத்துக்கு மட்டும் 0.49, ஏனென்றால் நிழலில் இருப்பது வானத்து வெளிச்சம், அதில் நீலம் கொஞ்சம் கூடுதல். மேலே சுவரில் அளந்த எண்களிலும் இதைப் பார்க்கலாம்.

சன்ஷேடு நிழல் எங்கே முடிய வேண்டும் என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். சுவரில் நிழல் முடியும் கோட்டை அப்படியே ஜன்னலுக்குள் நேராக நீட்டிவிடுவார்கள். ஜன்னல் சுவருக்குள் பதிந்திருக்கிறது என்பதால் அங்கே நிழல் இன்னும் கீழே இறங்கும். எங்கள் சன்ஷேடு இரண்டடி நீட்டம். காலை ஒன்பதரைக்குச் சற்று முன் வெயில் சுமார் 45 டிகிரியில் இருந்தது, ஆகவே சுவரில் நிழல் இரண்டடி இறங்கியது. ஃப்ரேம் நாலங்குலம் உள்ளே இருந்தது, ஆகவே அங்கே நிழல் இரண்டடி நாலங்குலத்தில் முடிந்தது. புது ஃப்ரேமையும் பழைய ஆழத்திலேயே பொருத்துவதாக இருந்தால் பழைய ஃப்ரேமில் நிழல் முடிந்த இடத்தையே குறித்துக்கொள்ளலாம். வேறு ஆழத்தில் பொருத்தினால் இப்படிக் கணக்குப் போட வேண்டும். 45 டிகிரியில் எத்தனை அங்குலம் உள்ளே போகிறதோ அத்தனை அங்குலம் நிழல் இறங்கும்.

வரைந்த ஃப்ரேம் போட்டோவைவிடக் கூர்மையாக இருக்கும். அரை முதல் ஒரு பிக்சல் வரை Gaussian Blur, பிறகு கொஞ்சம் RGB Noise கொடுங்கள். 200 சதவீதம் பெரிதாக்கி, பக்கத்துச் சுவரின் துகளோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

சுவர் மாறவில்லை என்பதைக் கண்ணை நம்பி முடிவு செய்யாதீர்கள். அசல் படத்தை எல்லாவற்றுக்கும் மேல் லேயராக வைத்து Difference மோடு கொடுங்கள். கதவும் ஜன்னலும் (எங்கள் படத்தில் அந்தக் கிரானைட் படியும்) தவிர மற்றது முழுக் கருப்பாக இருக்க வேண்டும். லேசான சாம்பல் கண்ணுக்குத் தப்பலாம் என்பதால் டெர்மினலில் கட்டளை கொடுத்து இயக்கும் இமேஜ்மேஜிக் என்ற மென்பொருளிலும் நான் ஒருமுறை ஓட்டுவேன்:

```
compare -metric AE pazhaya.png pudhiya.png vithiyasam.png
```

மாறிய பிக்சல்களின் எண்ணிக்கை திரையில் வரும், மூன்றாவது கோப்பில் அவை சிவப்பாகத் தெரியும். எனக்கு ஜன்னலுக்கு இடப்பக்கம் கைப்பிடி அளவு சிவப்பு வந்தது. Clone தூரிகை தவறிப் பட்ட இடம் அது. இரண்டு கோப்புகளையும் ஜிம்ப்பிலிருந்தே PNG-யாக ஏற்றுமதி செய்தால்தான் இந்தச் சோதனை பலிக்கும். JPEG-யாகச் சேமித்தால் நீங்கள் தொடாத சுவரும் சுருக்கத்தில் கொஞ்சம் மாறி, படம் முழுக்கச் சிவப்பாகிவிடும்.

படத்தைப் பார்த்த பிறகு சித்தி ஜன்னலுக்குச் சரி என்றார். கதவைப் பாலிஷோடு அப்படியே விட்டுவிட்டார்கள்.