ஆய்வின் வரம்பை எந்த இடத்தில் சொல்வது?

"இரவில் நெடுநேரம் கைப்பேசி பார்ப்பவர்கள் குறைவாகத் தூங்குகிறார்கள் என்று 120 பேரிடம் வினாத்தாள் கொடுத்துக் கண்டறிந்தேன். இதைப் பொதுமக்கள் முன் பேச வேண்டும். ஆய்வுமுறையை விளக்கினால் கவனம் சிதறுகிறது. விட்டுவிட்டால் ஏமாற்றுவது போலிருக்கிறது. என்ன செய்வது?"

வரம்புகளைக் கடைசி ஸ்லைடில் பட்டியலிடும் பழக்கத்தை முதலில் விடுங்கள். அதற்குள் முடிவு கேட்பவர் மனத்தில் பதிந்துவிட்டிருக்கும். உங்கள் ஆய்வில் முடிவையே தலைகீழாக்கக்கூடிய வரம்பு ஒன்று உண்டு. தூக்கம் வராததால் கைப்பேசியைக் கையில் எடுத்தவர்களும் அந்த 120 பேரில் இருந்திருக்கலாம், ஒரே வேளையில் நிரப்பப்பட்ட வினாத்தாளைக் கொண்டு எது முந்தியது என்று பிரித்தறிய இயலாது. முடிவைச் சொன்ன கையோடு, "இதற்கு வேறு காரணம் இருக்க முடியுமா?" என்று அவையோரிடமே கேளுங்கள். பெரும்பாலும் யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிடுவார். வரம்பு அப்போது அவர்களே கண்டுபிடித்த ஒன்றாகிவிடும்.

ஆய்வுமுறையையும் அப்படியே கையில் கொடுக்கலாம். "கடந்த வாரம் சராசரியாக எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?" என்ற உங்கள் வினாவை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். ஆறா, ஆறரையா என்று அவர்கள் தடுமாறும் அந்த நொடியில், நினைவிலிருந்து தரும் விடை எவ்வளவு தளர்வானது என்பது விளக்கமின்றியே புரிந்துவிடும்.

எண்களைச் சொல்லும்போது "தோராயமாக" என்று மழுப்பாமல் இரு எல்லைகளையும் சொல்லுங்கள். 120 பேரில் பாதிப்பேர் ஆம் என்றிருந்தால், வழக்கமான 95 விழுக்காட்டுக் கணக்கின்படி உண்மை அளவு ஏறத்தாழ 41 விழுக்காட்டுக்கும் 59 விழுக்காட்டுக்கும் இடையே இருக்கலாம். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட சோதனைகளில், எண்ணளவில் எல்லை காட்டியது நம்பிக்கையைச் சிறிதளவே குறைத்தது. மங்கலான சொற்களே அதைவிடக் கூடுதலாகக் குறைத்தன.

ஆனால் இந்த எல்லை, குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்திருந்தால் மட்டுமே பொருந்தும். தாமாக முன்வந்தவர்கள்தாம் நிரப்பினார்கள் என்றால் அதையும் சொல்லியாக வேண்டும். இதற்கு 1936ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேர்தலைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை: 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விடைகள் வந்தும், லாண்டன் வெல்வார் என்ற அதன் கணிப்பு பொய்த்து, ரூஸ்வெல்ட் பெருவெற்றி பெற்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தோரின் பட்டியல்களிலிருந்தே பெருமளவு முகவரிகள் எடுக்கப்பட்டிருந்தன. விடையனுப்ப முனைந்தவர்களும் மற்றவர்களைப் போன்றவர்கள் அல்லர்.

வினாக்களின் வரிசை, மென்பொருள் போன்றவை முடிவை மாற்றாதவரை மேடைக்கு வேண்டாம். விவரம் கேட்பவர்களுக்குத் தனியே எழுதிக் கொடுங்கள்.

உரையின் தலைப்பையும் ஒருமுறை பாருங்கள். "கைப்பேசி தூக்கத்தைக் கெடுக்கிறது" என்று அறிவிப்பில் அச்சாகியிருந்தால், மேடையில் நீங்கள் சொல்லும் எந்த வரம்பும் அந்த வினைச்சொல்லை வெல்லாது. "கைப்பேசியை நெடுநேரம் பார்ப்பவர்களிடம் தூக்கம் குறைவாக இருந்தது" என்று மாற்றச் சொல்லுங்கள்.