தெருவுக்கு ஒரு மோட்டார், பில் மட்டும் ஒரு வீட்டில்

*எங்கள் கிணற்று மோட்டாரில்தான் பக்கத்து ஐந்து வீட்டுக்கும் தண்ணீர் போகிறது. கரண்ட் பில் எங்கள் மீட்டரில் வருகிறது. வீட்டுக்கு 70 ரூபாய் தருகிறார்கள், கட்டுப்படியாகவில்லை. மனஸ்தாபம் வராமல் எப்படி மெசேஜ் போடுவது?*
*– ஒரு வாசகி, தேவிபட்டினம்*

மெசேஜ் இருக்கட்டும், முதலில் மோட்டாருக்குப் போகிற லைனில் ஒரு சப் மீட்டர் மாட்டுங்கள். அது இல்லாமல் நீங்கள் எந்தத் தொகையைச் சொன்னாலும் அது உங்கள் வாய்ச்சொல்தான். உப்புக்காற்றில் டெர்மினல் சீக்கிரம் பச்சை பூத்துவிடும், அதனால் வெளிச்சுவரில் வேண்டாம்; வீட்டுக்குள் பிளாஸ்டிக் பெட்டியில் இருக்கட்டும். 1 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட் ஏற வேண்டும். மாட்டிய அன்றே எலக்ட்ரீஷியனை நிறுத்தி வைத்து இதைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் கணக்கு. மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து, வந்த விலையை மோட்டார் யூனிட்டால் பெருக்குவதுதான் எல்லோரும் செய்வது. அந்த 70 ரூபாயும் அப்படித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதில்தான் நீங்கள் நஷ்டப்படுகிறீர்கள். நம் ஊர்க் கட்டணம் படிப்படியாக ஏறுவது. மோட்டார் யூனிட் உங்கள் வீட்டுச் செலவுக்கு மேலே போய் உட்காருவதால், விலை கூடிய படியில்தான் விழுகிறது.

2024 ஜூலை விகிதத்தில் ஒரு உதாரணம் போடுகிறேன். உங்கள் பில்லில் வேறு விகிதம் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான். இரண்டு மாதத்துக்கு மொத்தம் 480 யூனிட், அதில் மோட்டார் 120 (தினம் இரண்டு மணி நேரம் ஓட்டினால் இவ்வளவு வரும்). முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.35, அதற்கடுத்த 200-க்கு 4.70, மீதி 80-க்கு 6.30. ஆக பில் 1,679 ரூபாய். மோட்டாரே இல்லாமல் வீடு மட்டும் 360 யூனிட் என்றால் 987. வித்தியாசம் 692. மோட்டாரால் வந்த செலவு இதுதான். உங்கள் வீட்டையும் சேர்த்து ஆறாக வகுத்தால் 115 ரூபாய்ச் சொச்சம். சராசரி போட்டால் மோட்டாருக்கு வெறும் 420, அதாவது வீட்டுக்கு அந்த 70.

‘இலவச 100 யூனிட்டில் எங்களுக்கும் பங்கு உண்டே’ என்று யாராவது கேட்கலாம். அது உங்கள் இணைப்புக்கு உரியது; அவரவர் மீட்டரில் அவரவருக்கும் கழிகிறது.

ஒரு இடத்தில் மட்டும் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டும். மொத்தம் 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான 2.35 சலுகை போய், அதற்கும் 4.70 ஆகிவிடும். சித்திரை வெயிலில் உங்கள் வீட்டு ஏ.சி.யால் 480 என்பது 520 ஆனால் பில் 2,208. வெறும் 40 யூனிட்டுக்கு 529 ரூபாய் கூடுதல்! அதைத் தெருவின் தலையில் கட்டினால் பேச்சு வரும். அந்த முறை மட்டும் போன பில்லின் மோட்டார் விலையையே (692-ஐ 120-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 5.77) போடுங்கள்.

மெசேஜ் இப்படி இருந்தால் போதும்:

“அக்கா, அண்ணன் எல்லாருக்கும் வணக்கம். மோட்டாருக்குத் தனி சப் மீட்டர் மாட்டியிருக்கோம். இந்த ரெண்டு மாசம் ஓடினது 120 யூனிட். மோட்டாரோட பில் 1,679, மோட்டார் இல்லாம 987. வித்தியாசம் 692, எங்க வீட்டையும் சேர்த்து ஆறு பங்கு, வீட்டுக்கு 115. பழைய ரீடிங், புது ரீடிங், பில் மூணு போட்டோவும் கீழே இருக்கு. பத்தாம் தேதிக்குள்ள குடுத்தா கட்ட வசதியா இருக்கும். ரெண்டு மாசமும் வீடு பூட்டியிருந்து வால்வை மூடி வச்சிருந்தா பங்கு வேண்டாம். கணக்கு புரியலைன்னா வீட்டுக்கு வாங்க, உக்காந்து பார்ப்போம்.”

பழைய பாக்கியை இதில் இழுக்காதீர்கள். சப் மீட்டர் ரீடிங்கை, மின்வாரிய ஆள் கணக்கெடுக்க வரும் அன்றே போட்டோ எடுங்கள். நாலு நாள் தள்ளினால் இரண்டு கணக்கும் ஒட்டாது. ரிப்பேர்ப் பணத்தையும் கரண்டோடு கலக்க வேண்டாம், அது தனி.

திடீரென்று யூனிட் ஏறினால் உடனே ஆளைச் சந்தேகப்படாதீர்கள். ஒரே டேங்க் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று சுவரில் எழுதி வையுங்கள். 35 நிமிடத்தில் நிறைந்தது 50 ஆகிவிட்டால், உப்புத் தண்ணீர் இம்பெல்லரைத் தின்றிருக்கலாம், ஃபுட் வால்வோ பைப்போ ஒழுகலாம், அல்லது கிணற்றில் மட்டம் இறங்கியிருக்கலாம். மட்டம் இறங்கியிருந்தால் ஆறு வீட்டுக்கும் ஒரே மூச்சில் இறைக்காதீர்கள். கடற்கரைக் கிணற்றில் நல்ல தண்ணீர் மேலாகத்தான் நிற்கும், விடாமல் இழுத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். காலையில் மூன்று வீடு, மாலையில் மூன்று வீடு என்று பிரித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, பக்கத்து வீடுகளுக்கும் இந்த மோட்டாரில் தண்ணீர் போவதைப் பிரிவு அலுவலகத்தில் சொல்லி, வீட்டுக் கட்டணத்திலேயே ஓட்டலாமா, தனி இணைப்பு வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். தண்ணீர் போகட்டும், உங்கள் மீட்டரிலிருந்து இன்னொரு வீட்டுக்கு வயர் மட்டும் இழுக்க விடாதீர்கள்.