காலாண்டு வட்டி சரியாக விழுந்திருக்கிறதா? நாளிறுதி மீதியிலிருந்து கணக்கிட்டுப் பார்க்கும் முறை

கேள்வி: அம்மா தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தைத் தலவாக்கலையில் ஒரு வங்கியில் சேமிப்புக் கணக்கில் போட்டிருக்கிறோம். ஆண்டுக்கு 3 சதவீத வட்டி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு வைக்கிறார்கள். 2025 ஜூலை 1ஆம் திகதி 240,000 ரூபாய் இருந்தது, செப்டெம்பர் 30ஆம் திகதி 305,000 ரூபாய் இருந்தது. இரண்டின் சராசரி 272,500. அதற்குக் காலாண்டு வட்டி 2,043.75 வர வேண்டும். ஆனால் புத்தகத்தில் 1,719.04 மட்டும் விழுந்து, அதிலும் 171.90 வெட்டியிருக்கிறார்கள். வங்கி குறைத்துவிட்டதா? புத்தகப் பக்கத்தின் பிரதியை இணைத்திருக்கிறேன்.

பதில்: வங்கி குறைக்கவில்லை. 1,719.04 என்ற தொகை சதம் வரைக்கும் சரியாக இருக்கிறது. வெட்டப்பட்ட 171.90 வட்டிப் பிழை அல்ல, வரி; அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், ஏனெனில் அம்மாவுக்கு அதில் செய்துகொள்ளக்கூடிய ஒன்று இருக்கிறது.

தொடக்க மீதியையும் முடிவு மீதியையும் கூட்டி இரண்டால் வகுத்தால், அந்த மூன்று மாதங்களிலும் பணம் ஒரே சீராக ஏறிக்கொண்டே போனது என்று எடுத்துக்கொண்டதாகிவிடும். அம்மாவின் கணக்கில் நடந்தது அதுவல்ல. ஜூலை நடுவில் பணம் இறங்கி, ஏறத்தாழ எட்டு வாரங்கள் குறைவாகவே இருந்து, செப்டெம்பர் இரண்டாம் வாரத்தில்தான் முந்நூறாயிரத்தைத் தாண்டியது. சேமிப்புக் கணக்கில் வங்கி பார்ப்பது ஒவ்வொரு நாளும் அலுவல் முடிந்த பிறகு கணக்கில் நின்ற தொகையை, அதாவது நாளிறுதி மீதியை மட்டுமே. அந்த மீதியை ஆண்டு வட்டி வீதத்தால் பெருக்கி 365ஆல் வகுத்தால் ஒரு நாளின் வட்டி கிடைக்கும். காலாண்டின் எல்லா நாட்களினதும் வட்டியைக் கூட்டினால் வரவு வைக்க வேண்டிய தொகை கிடைக்கும்.

92 நாட்களையும் தனித்தனியாக எழுத வேண்டியதில்லை. மீதி மாறாமல் நின்ற நாட்களை ஒரு கட்டாகச் சேர்த்து, மீதியை அந்தக் கட்டின் நாட்களால் பெருக்கினால் போதும். நீங்கள் அனுப்பிய பக்கத்தின்படி, ஜூன் 30இல் விழுந்த முந்தைய வட்டியும் சேர்ந்த 240,000 ரூபாயுடன் காலாண்டு தொடங்குகிறது. ஜூலை 14ஆம் திகதி 60,000 ரூபாய் எடுத்திருக்கிறீர்கள். எடுத்த அன்றே நாளிறுதி மீதி 180,000 ஆகிவிடுவதால், 240,000 நின்றது ஜூலை 1 முதல் 13 வரையான 13 நாட்கள்தான். அதன் பெருக்கம் 3,120,000. ஆகஸ்ட் 11ஆம் திகதி 25,000 ரூபாய் காசாக வைப்பிடும் வரையில், ஜூலையில் 18 நாட்களும் ஆகஸ்டில் 10 நாட்களுமாக 28 நாட்கள் 180,000 நின்றது. அதன் பெருக்கம் 5,040,000.

அடுத்த பதிவில்தான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள், ஆகவே அதைச் சற்று நிதானமாகப் பாருங்கள். செப்டெம்பர் 4ஆம் திகதி அம்மாவின் சேவைக்காலப் பணத்தின் நிலுவையாக 100,000 ரூபாய்க் காசோலை வைப்பிடப்பட்டது. புத்தகத்தில் அன்றைய திகதியிலேயே மீதி 305,000 என்று அச்சாகியிருக்கிறது. ஆனால் காசோலை என்பது அன்றே கைக்கு வந்த பணம் அல்ல. அது கொடுத்த வங்கியிலிருந்து தீர்வாகி வரவேண்டும், அதற்கு அடுத்த வங்கி வேலைநாள் வரை ஆகும். செப்டெம்பர் 4 வியாழக்கிழமை. 5ஆம் திகதி வெள்ளிக்கிழமை மீலாதுன் நபி விடுமுறை, 6 சனிக்கிழமை, 7 ஞாயிற்றுக்கிழமையும் பினர போயாவும். ஆகவே பணம் உண்மையில் கணக்குக்கு வந்தது 8ஆம் திகதி திங்கட்கிழமை. வட்டி ஓடத் தொடங்குவதும் அன்றிலிருந்துதான். இதைப் பெறுமதித் திகதி என்பார்கள். புத்தகத்தில் அச்சாகும் பதிவுத் திகதியும் இதுவும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சாதாரண வாரமாக இருந்திருந்தால் ஒரு நாள்தான் போயிருக்கும், இந்த வாரத்தில் நான்கு நாட்கள் போயின.

எனவே 205,000 ரூபாய் நின்றது ஆகஸ்ட் 11 முதல் செப்டெம்பர் 7 வரை, 28 நாட்கள், பெருக்கம் 5,740,000. செப்டெம்பர் 8 முதல் 30 வரை 23 நாட்கள் 305,000, பெருக்கம் 7,015,000. நாட்களைக் கூட்டினால் 13, 28, 28, 23 சேர்ந்து 92 வருகிறது. ஜூலை 31, ஆகஸ்ட் 31, செப்டெம்பர் 30 சேர்ந்தாலும் அதே 92. இந்தக் கூட்டலைச் செய்யாமல் மேலே போகாதீர்கள். ஒரு நாளை இரண்டு கட்டிலும் எண்ணிவிடுவது எவருக்கும் நேரக்கூடியது, நாட்களின் கூட்டுத்தொகைதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

நான்கு பெருக்கங்களின் கூட்டுத்தொகை 20,915,000. அதை 0.03ஆல் பெருக்கினால் 627,450. 365ஆல் வகுத்தால் 1,719.04. புத்தகத்தில் இருப்பதும் அதுவே. அதே 20,915,000ஐ 92ஆல் வகுத்தால், அந்தக் காலாண்டில் அம்மாவின் உண்மையான நாள் சராசரி ஏறத்தாழ 227,337 ரூபாய்தான் என்று தெரியும். நீங்கள் எடுத்துக்கொண்ட 272,500க்கும் இதற்கும் உள்ள இடைவெளியே உங்களைக் குழப்பியது.

கணினியிலோ கைபேசியிலோ விரிதாள் இருந்தால், முதல் நிரலில் மீதி மாறிய திகதிகளையும், இரண்டாவதில் அன்றைய மீதியையும் எழுதுங்கள். கடைசித் திகதியாக அடுத்த காலாண்டின் முதல் நாளை மட்டும் எழுதி, மீதியை வெறுமையாக விடுங்கள். மூன்றாவது நிரலில் நாட்களை அதுவே கணக்கிடும்.

```
A2  2025-07-01   B2  240000   C2  =A3-A2
A3  2025-07-14   B3  180000   C3  =A4-A3
A4  2025-08-11   B4  205000   C4  =A5-A4
A5  2025-09-08   B5  305000   C5  =A6-A5
A6  2025-10-01
=SUMPRODUCT(B2:B5,C2:C5)*0.03/365
```

உங்கள் தொகையும் வங்கியின் தொகையும் ஒத்துவராதபோது, வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு நேரே முறைப்பாட்டுக்குப் போகாமல், அந்த வித்தியாசத்தைத் திருப்பிக் கணக்கிட்டுப் பாருங்கள். வித்தியாசத்தை 365ஆல் பெருக்கி 0.03ஆல் வகுத்தால், எவ்வளவு பணம் எத்தனை நாள் விடுபட்டது என்பதன் பெருக்கம் கிடைக்கும். உதாரணமாக, காசோலையைப் பதிவுத் திகதியான செப்டெம்பர் 4 முதல் எண்ணியிருந்தால் உங்களுக்கு 1,751.92 வந்திருக்கும். வித்தியாசம் 32.88. திருப்பிக் கணக்கிட்டால் 400,040 வருகிறது. சதங்களை முழுமைப்படுத்தியதால் வந்த 40ஐ விட்டுவிட்டால் 400,000. அம்மாவின் பக்கத்தில் இந்தத் தொகையைத் தரக்கூடியது 100,000 ரூபாயின் நான்கு நாட்கள் மட்டுமே. பிழை எங்கே என்பது தெரிந்துவிடுகிறது. வித்தியாசம் 25.07 என்றால் அது 305,000 ரூபாயின் ஒரு நாள் வட்டி; வங்கி செப்டெம்பர் 29உடன் கணக்கை முடித்து 30ஆம் திகதியை அடுத்த காலாண்டுக்குக் கொண்டுபோயிருக்கும், அடுத்த வரவில் ஒரு நாள் கூடுதலாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வித்தியாசம் சில சதங்கள் மட்டுமே என்றால் அதன் பின்னால் போக வேண்டாம். சில வங்கிகளின் கணினி ஒவ்வொரு நாளின் வட்டியையும் இரண்டு தசமத்துக்கு முழுமைப்படுத்திச் சேர்க்கும். அப்படிச் செய்தால் இதே கணக்கில் 1,719.02 வரும், இரண்டு சதம் குறைவு. 92 நாட்களில் இந்த முறையால் ஏற்படக்கூடிய வித்தியாசம் 46 சதத்தைத் தாண்டாது. ஒரு ரூபாயைத் தாண்டிய வித்தியாசத்துக்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

அத்தகைய காரணங்களில் உண்மையான பிழையாக நான் கண்டது வட்டி வீத மாற்றம். சில ஆண்டுகளுக்கு முன் என் சொந்தக் கணக்கிலேயே நடந்தது. 400,000 ரூபாய் கைபடாமல் கிடந்தது. ஆண்டு வீதம் பெப்ரவரி 15ஆம் திகதி 4 சதவீதத்திலிருந்து மூன்றரை சதவீதமாகக் குறைந்தது. ஜனவரி 1 முதல் பெப்ரவரி 14 வரையான 45 நாட்களுக்குப் பழைய வீதமே செல்லும். ஆனால் காலாண்டு முழுவதற்கும் புதிய வீதத்தில் வட்டி போட்டிருந்தார்கள். 400,000ஐ 45ஆல் பெருக்கி, அரை சதவீதம் எடுத்து 365ஆல் வகுத்தால் 246.58 ரூபாய், குறைந்திருந்தது சரியாக அதுவே. ஒரு தாளில் இந்த ஒரே வரியை எழுதிக் கிளையில் கொடுத்தேன், அடுத்த வாரம் திருத்தி வரவு வைத்தார்கள். ஆகவே காலாண்டின் நடுவில் வீதம் மாறியிருந்தால், மாறிய நாளிலும் ஒரு கட்டை வெட்டி, இரண்டு பகுதிகளுக்கும் தனித்தனி வீதம் போடுங்கள். மாறிய திகதியைக் கிளையின் அறிவிப்புப் பலகையிலோ வங்கியின் இணையப் பக்கத்திலோ பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

இனி அந்த 171.90. அது 1,719.04இன் பத்து சதவீதம். வட்டியில் பிடிக்கப்படும் நிறுத்திவைத்தல் வரி 2025 ஏப்ரல் 1 முதல் 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக உயர்ந்தது. அதனால்தான் முன்னைய ஆண்டுப் புத்தகத்தோடு ஒப்பிடும்போது இப்போது கூடுதலாக வெட்டுவது போல் தெரிகிறது. வட்டியைச் சரிபார்க்கும்போது வரிக்கு முந்திய 1,719.04ஐயே எடுக்க வேண்டும். சில புத்தகங்களில் வரியைக் கழித்து 1,547.14 என்று ஒரே வரியாக அச்சிடுவார்கள், அப்படியானால் அதை 0.9ஆல் வகுத்து முந்திய தொகைக்குத் திரும்புங்கள். அம்மாவின் எல்லா வருமானமும் சேர்ந்து ஆண்டுக்கு 1,800,000 ரூபாயைத் தாண்டாது என்றால், அதைக் கூறும் சுயபிரகடனப் படிவத்தை நிரப்பிக் கிளையில் கொடுக்கலாம். அதன் பிறகு வரி பிடிக்க மாட்டார்கள். வரியாண்டு ஏப்ரல் 1ஆம் திகதி தொடங்கி மார்ச் 31ஆம் திகதி முடிவதால், ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

அம்மாவோடு வங்கிக்குப் போகும்போது, காசோலையின் பெறுமதித் திகதி செப்டெம்பர் 8 என்று காட்டும் கணக்குக் கூற்று ஒன்றையும் அச்சிட்டுத் தரும்படி கேளுங்கள். சுயபிரகடனப் படிவமும் அதே கருமபீடத்தில் கிடைக்கும்.