சீலிங் ஃபேன் சத்தமும் ஆட்டமும்: பேரிங் மாற்றுவது, இறக்கையைச் சரிசெய்வது

கேள்வி: ஃபேன் கரகரன்னு சத்தம் போடுது, வேகமா வெச்சா ஆடவும் செய்யுது. எண்ணெய் விட்டுப் பார்த்தேன், பத்து நாள்ல பழையபடி ஆயிடுச்சு. பேரிங் நாமே மாத்தலாமா?

மாற்றலாம். ஆனால் சத்தம் பேரிங்கில் இருந்துதான் வருகிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். முழு வேகத்தில் ஓடவிட்டு சுவிட்சை அணையுங்கள். அணைத்த நொடியே சத்தம் நின்றால் அது மின்சார உறுமல். ரெகுலேட்டரையோ காயிலையோ பார்க்க வேண்டும். ஃபேன் சுற்றி ஓயும்வரை கரகரப்பும் கூடவே வந்தால் பேரிங்தான். எண்ணெய் நிலைக்காததற்கும் காரணம் உண்டு. இந்த பேரிங்கின் உள்ளே இருப்பது கிரீஸ். மேலே விடும் எண்ணெய் அதைக் கரைத்து வெளியேற்றிவிடும், பிறகு உருண்டைகள் முன்பைவிட வறண்டு ஓடும்.

மெயினை அணைத்து, டெஸ்டரால் பார்த்துவிட்டு ஏறுங்கள். இறக்கைகளைக் கழற்றும் முன் இறக்கைக்கும் அது பூட்டியிருக்கும் இடத்துக்கும் 1, 2, 3 என்று மார்க்கரில் எழுதுங்கள். வயர் இணைப்பைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் நல்ல கனம். கீழே ஒருவர் தாங்கிப் பிடிக்காமல் போல்ட்டை உருவாதீர்கள்.

தரையில் வைத்ததும் மேல் மூடி, கீழ் மூடி இரண்டின் மீதும் தொடர்ச்சியாக ஆணியால் ஒரு கோடு கீறுங்கள். திரும்பப் பூட்டும்போது அந்தக் கோடு சேர வேண்டும். ஸ்குருக்களைக் கழற்றி, விளிம்பில் மரக்கட்டை வைத்துச் சுற்றிச் சுற்றி லேசாகத் தட்டினால் மூடி பிரியும். மூடியில் பேரிங் உட்காரும் குழியில், வளைந்த மெல்லிய வாஷர் ஒன்று இருக்கலாம், பேரிங்கோடு ஒட்டியும் வரும். அதைத் தொலைத்துவிட்டால் புது பேரிங் போட்ட பிறகும் டக் டக் என்று தட்டும்.

நம் ஊர் ஃபேன்களில் பெரும்பாலும் 6202 அல்லது 6201 இருக்கும். மேலே ஒன்று, கீழே வேறு ஒன்று என்றும் வரும். பழையதில் பொறித்த எண்ணைப் பார்த்து, இருபுறமும் தகடு மூடியதாக இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்குங்கள். பழையதைக் கழற்ற புல்லர் வேண்டும். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் காயில் கம்பி அறுந்துவிடும், அதற்குப் பிறகு ரீவைண்டிங்தான்.

பலர் கெடுப்பது புதியதை ஏற்றும் இடத்தில். ஷாஃப்டில் ஏற்றும்போது அடி உள்வளையத்தில் மட்டுமே விழ வேண்டும். வெளிவளையத்தில் சுத்தியலால் அடித்தால் அந்த அடி உருண்டைகள் வழியாகப் போய், அவை ஓடும் பாதையில் சின்னச் சின்னக் குழி விழும். புது பேரிங்கே முதல் நாளில் கரகரக்கும். 6202-க்கு அரை அங்குல ஜிஐ பைப் துண்டு உள்வளையத்தில் சரியாக உட்காரும். அதை வைத்துத் தட்டுங்கள். ஏற்றும் முன் பேரிங்கை மூடியின் குழியில் வைத்தும் பாருங்கள். விரலால் திருப்பினாலே வெளிவளையம் லொடலொடவென்று சுற்றினால் குழி தேய்ந்திருக்கிறது. அப்போது மூடியையே மாற்ற வேண்டும், பேரிங் மட்டும் மாற்றிப் பயனில்லை.

மூடியின் ஸ்குருக்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். கையால் சுழற்றினால் எங்கும் உரசாமல் ஓட வேண்டும். மாட்டும்போது பழைய ஸ்பிளிட் பின்னைப் போடாதீர்கள். புதியதைப் போட்டு இரண்டு காலையும் விரித்து மடக்குங்கள். போல்ட் நழுவாமல் காப்பது அதுதான்.

இனி ஆட்டம். ஹூக்கில் உட்காரும் ரப்பர் உருளை வெடித்திருந்தால் மாற்றுங்கள், இறக்கை ஸ்குருக்களை இறுக்குங்கள். பிறகு சீலிங்கில் ஒரே புள்ளியில் ஸ்கேலை நிறுத்தி, ஒவ்வொரு இறக்கை நுனியையும் அங்கே கொண்டுவந்து அளங்கள். சீலிங்கே சமமாக இருக்காது என்பதால் ஸ்கேல் நகரக்கூடாது. 31.0, 31.1, 32.0 செ.மீ. என்று வந்தால் மூன்றாவது இறக்கை ஒரு சென்டிமீட்டர் தொங்குகிறது. இறக்கைத் தகட்டைத் தொடாமல், அதைத் தாங்கும் கையை மட்டும் மெல்ல மேலே வளைத்து, வித்தியாசம் 2, 3 மி.மீ.க்குள் வரும்வரை திரும்ப அளங்கள். நுனிக்கு நுனி தூரமும் ஒன்றாக இருக்க வேண்டும், 1200 மி.மீ. ஃபேனில் அது சுமார் 104 செ.மீ. வரும்.

அளவெல்லாம் சரியாகியும் ஆடினால் எடை வித்தியாசம். ஒரு ரூபாய் நாணயத்தை முதல் இறக்கையின் மேல்பக்கம், நடுவில் டேப்பால் இறுக்கமாக ஒட்டி ஓட்டிப் பாருங்கள். பிறகு இரண்டாவதில், மூன்றாவதில். எதில் ஆட்டம் குறைகிறதோ அதில் நாணயத்தை நுனிப்பக்கமும் உள்பக்கமும் நகர்த்தி, ஆட்டம் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த இடத்தில் அதே எடையுள்ள வாஷரை எம்சீலால் ஒட்டிக் காயவிடுங்கள். நாணயத்தை டேப்போடு அப்படியே விட்டால் ஒருநாள் பறந்து வந்து யார் மேலாவது படும். மூன்றில் ஒரு இறக்கையை மட்டும் கடையில் தனியாக வாங்கி மாட்டியிருந்தால் இந்த வேலையெல்லாம் வேண்டாம். எடை பார்த்துச் சேர்த்த செட்டாக மூன்றையும் மாற்றிவிடுங்கள்.