ஓராண்டுப் படிப்பை ஒரே சாட் தாங்குமா?

கேள்வி: அடுத்த ஆண்டு எழுதவிருக்கும் நுழைவுத் தேர்வுக்காக, மூன்று மாதமாக ஏஐ சாட் ஒன்றில் எல்லாப் பாடங்களையும் ஒரே உரையாடலாகப் படித்து வருகிறேன். என்னைப் பற்றி அதற்கு எல்லாம் தெரியும் என்பதால் புதிதாகத் தொடங்க மனம் வரவில்லை. ஆனால் இப்போது மிகவும் மெதுவாகிவிட்டது. ஆரம்பத்தில் நான் சொன்னவற்றை மறந்தும் போகிறது. இதையே தொடரலாமா, தலைப்புக்கு ஒரு சாட் என்று பிரித்துக்கொள்ளலாமா?

பதில்: பிரித்துவிடுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு பக்க அளவில் ஒரு குறிப்பை எழுதி, சாட்டுக்கு வெளியே உங்கள் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டின் தொடர்ச்சியைத் தாங்க வேண்டியது அந்தக் குறிப்புதான். அதை எழுதாமல் பிரித்தால், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து அறிமுகம் செய்துகொள்ளும் நிலை வரும். பத்து நாளில் சலித்துப்போய்ப் பழைய சாட்டுக்கே திரும்பிவிடுவீர்கள்.

அதற்கு உங்களைப் பற்றித் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எப்படித் தெரிகிறது என்பதைப் புரிந்துகொண்டால் தயக்கம் பெரும்பாலும் நீங்கிவிடும். சாட்டில் பதில்களை உருவாக்கித் தருவது மொழி மாதிரி எனப்படும் நிரல். அந்த மாதிரி, ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவே எதையும் நினைவில் வைத்திருப்பதில்லை. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு முறையும், அதுவரை நடந்த உரையாடலையும் புதிய கேள்வியையும் சேர்த்தே செயலி அதன் முன் வைக்கிறது. அந்த மொத்தத்தையும் பார்த்துத்தான் பதில் உருவாகிறது. ஒரு நேரத்தில் அதன் முன் வைக்கக்கூடிய உரைக்கு வரம்பு உண்டு. அந்த வரம்பு டோக்கன் என்ற அலகால் அளக்கப்படுகிறது. டோக்கன் என்பது ஒரு சொல்லாகவோ சொல்லின் துண்டாகவோ இருக்கும். பரவலாகப் பயன்படும் மாதிரிகள் பலவற்றில் வரம்பு ஒன்றே கால் லட்சம் முதல் இரண்டு லட்சம் டோக்கன் வரை இருக்கிறது; பத்து லட்சத்தை எட்டியவையும் உண்டு. ஆனால் செயலி அந்த முழு அளவையும் உங்களுக்குத் தருகிறது என்று எண்ணிவிட முடியாது.

இப்போது ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். ஒரு கேள்வியும் அதன் பதிலும் சேர்ந்து 400 டோக்கன் என்றும், நாளொன்றுக்கு 30 கேள்விகள் என்றும் வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 12,000 டோக்கன் சேர்கிறது. இரண்டு லட்சம் என்ற வரம்பு 17 நாளில் நிரம்பிவிடும். தமிழில் கேட்டுத் தமிழிலேயே பதில் பெறுபவருக்கு இன்னும் விரைவாக நிரம்பும். ஏனெனில் தமிழ்ச் சொற்கள் பொதுவாக ஆங்கிலச் சொற்களைவிட அதிகத் துண்டுகளாக உடைகின்றன. ஆக, உங்கள் மூன்று மாத உரையாடலின் பெரும்பகுதி ஏற்கெனவே மாதிரியின் பார்வைக்கு வெளியே போயிருக்க வாய்ப்பு அதிகம். திரையை மேலே தள்ளினால் முதல் நாள் எழுதியது இன்றும் தெரியும். நம்மை ஏமாற்றுவது அதுதான். திரையில் இருப்பது உங்களுக்குத் தெரிகிறது என்பதற்காக மாதிரிக்கும் தெரிகிறது என்று பொருளாகாது.

வரம்பு நிரம்பியதும் சில செயலிகள் புதிய சாட் தொடங்கும்படி வெளிப்படையாகச் சொல்லிவிடுகின்றன. சில, பழைய பகுதியை ஓசையின்றி விட்டுவிடுகின்றன. வேறு சில, பழைய பகுதியைச் சுருக்கி அந்தச் சுருக்கத்தை மட்டும் முன்னே வைக்கின்றன. மாணவருக்கு ஆபத்தானவை பின்னிரண்டும்தான். சுருக்கத்தில் "மாணவர் ஒளியியல் படித்தார்" என்பது தப்பிப் பிழைக்கும். நீங்கள் குறியைத் தவறாகப் போட்டதும் அதற்கான காரணமும் பெரும்பாலும் காணாமற் போகும். வரம்புக்குள் இருந்தாலும் எல்லாம் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. நீண்ட உரையின் தொடக்கத்திலும் இறுதியிலும் உள்ள செய்திகளை எடுத்துப் பயன்படுத்தும் அளவுக்கு நடுவில் உள்ளவற்றை மாதிரிகள் பயன்படுத்துவதில்லை என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதன்பின் வந்த மாதிரிகள் இதில் முன்னேறியிருக்கின்றன. குறை அடியோடு நீங்கிவிடவில்லை.

இதன் விளைவு படிப்பில் எப்படித் தென்படும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். முதல் வாரத்தில் ஒரு மாணவர், "ஒளியியலில் கார்ட்டீசியன் குறியீட்டு மரபையே பயன்படுத்த வேண்டும்" என்று சாட்டில் எழுதுகிறார். அந்த மரபின்படி லென்சுச் சமன்பாடு 1/v − 1/u = 1/f; லென்சுக்கு முன்னே உள்ள பொருளின் தொலைவு u எதிர்க்குறி பெறும். ஐந்தாம் மாதத்தில் அவர் மீண்டும் ஒளியியலுக்கு வருகிறார். அவர் இட்ட விதி பார்வையிலிருந்து நழுவி வெகுநாளாகிவிட்டது. மெய்த் தொலைவுகளை நேர்க்குறியாகக் கொள்ளும் இன்னொரு மரபில் 1/v + 1/u = 1/f என்ற வடிவம் வழங்குகிறது; பதில்கள் இப்போது அந்த வடிவில் வருகின்றன. அதுவும் சரியானதே என்பதால் மாணவருக்கு ஐயம் எழவில்லை. அவர் அங்கிருந்து u = 30 என்பதை எடுத்து, தம் கையேட்டில் உள்ள கார்ட்டீசியன் சமன்பாட்டில் பொருத்துகிறார். குவிலென்சின் குவியத் தொலைவு 20 செ.மீ. ஆகவே 1/v = 1/20 + 1/30 ஆகி, v = 12 செ.மீ. என்று கிடைக்கிறது. சரியான குறியோடு u = −30 என்று போட்டிருந்தால் 1/v = 1/20 − 1/30, அதாவது v = 60 செ.மீ.

குவியத் தொலைவுக்கு அப்பால் உள்ள பொருளுக்குக் குவிலென்சு தரும் மெய்ப்பிம்பம் ஒருபோதும் குவியத் தொலைவுக்குள் விழாது என்பதை அறிந்தவர், 12 என்றதுமே தவறைக் கண்டுகொள்வார். அறியாதவர் அந்த 12-ஐ சாட்டில் எழுதி, அதன்மேல் அடுத்த கேள்வியைக் கேட்பார். கொடுத்ததை ஏற்றுக்கொண்டு மேலே கட்டும் இயல்பு மாதிரிகளுக்கு உண்டு. ஆதலால் ஒரு தவறான எண் உரையாடலில் இருக்கும்வரை அது பின்வரும் பதில்களையும் இழுத்துக்கொண்டே இருக்கும். திருத்தம் சொன்ன பிறகும் தவறான வரி உரையாடலை விட்டுப் போவதில்லை. இரண்டும் சேர்ந்தே ஒவ்வொரு முறையும் படிக்கப்படுகின்றன. இப்படி ஆன சாட்டில் வாதாடிக்கொண்டிருப்பதைவிட, அதை மூடிவிட்டு, சரியான வரியோடு புதிதாகத் தொடங்குவதே சிக்கனம்.

உங்கள் சாட் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. முதல் வாரத்தில் நீங்கள் இட்ட விதிகளில், வேறெங்கும் ஊகிக்க முடியாத ஒன்றை எடுத்துக்கொண்டு, எந்தக் குறிப்பும் தராமல் அது என்ன என்று கேளுங்கள். பொருந்துவதுபோல் ஒரு பதில் வரலாம். ஊகித்துச் சொல்வது அதற்குக் கைவந்த கலை. ஆகவே நீங்கள் எழுதிய அதே விவரம் வருகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

பிரிப்பதிலும் மறுகோடிக்குப் போய்விடக் கூடாது. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு சாட் என்று தொடங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஒவ்வொரு விடையும் சரியாகவே கிடைக்கிறது. ஆனால் நான்கு கணக்குகளில் ஒரே இடத்தில் குறி தவறியது என்பதை யாரும், எதுவும், கவனிப்பதில்லை. ஓர் அத்தியாயத்தின் ஓர் உட்பகுதி, அதாவது மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை படிக்கும் அளவு, ஒரு சாட்டுக்குச் சரியாக இருக்கும். "ஒளியியல் – லென்சு – 1" என்பதுபோல் பெயரிட்டு வைத்தால் பின்னர் தேடி எடுக்கலாம். பாடம் மாறும்போதும், பழைய தவறு திரும்பத் திரும்பத் தலைகாட்டும்போதும், நாளைக் கணக்கிடாமல் மூடிவிடுங்கள்.

இனி, அந்தக் குறிப்பு. அதை 200 சொற்களுக்குள் நிறுத்துங்கள். பாடத்துக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். மாறாத விதிகள், இப்போது நிற்கும் இடம், அண்மைத் தவறுகள் ஆகியவை மட்டும் அதில் இருந்தால் போதும். மேலே சொன்ன மாணவரின் குறிப்பு இப்படி இருக்கலாம்: "கார்ட்டீசியன் மரபு மட்டும்; 1/v − 1/u = 1/f. விடையை உடனே சொல்லக் கூடாது. என் முதல் படியைப் பார்த்துவிட்டே மேலே போக வேண்டும். ஒற்றை லென்சு முடிந்தது. இரண்டு லென்சு சேர்ந்த அமைப்பில் நிற்கிறேன். தவறு: முதல் லென்சின் பிம்பம் இரண்டாம் லென்சுக்கு அப்பால் விழும்போது, அதை மாயப்பொருளாகக் கொள்ளாமல் u-வுக்கு எதிர்க்குறி போட்டுவிடுகிறேன், மூன்று முறை நடந்தது."

இந்தக் கடைசி வாக்கியத்தை நீங்களே எழுத வேண்டும் என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதமாக இருக்கிறேன். சாட்டையே சுருக்கித் தரச் சொன்னால், "குறியீட்டில் கூடுதல் பயிற்சி தேவை" என்பதுபோல் யாருக்கும் பொருந்தும் ஒரு வரி கிடைக்கும். எந்த லென்சில், எந்தச் சூழலில், எத்தனை முறை என்று எழுதப்பட்ட தவறுதான் அடுத்த சாட்டில் சரியான பயிற்சிக் கணக்கை வரவழைக்கும். பத்து நாளாக மீண்டும் செய்யாத தவறைக் குறிப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் குறிப்பே இன்னொரு முடிவற்ற சாட்டாக வளர்ந்துவிடும்.

தேர்வுபோல் எழுதிப் பார்க்கும் நாளுக்கு மட்டும் இந்தக் குறிப்பையும் பாடம் நடந்த சாட்டையும் தொடாதீர்கள். பாடம் நடந்த இடத்திலேயே வினா கேட்டால், சற்று முன் பேசிய அதே வடிவிலான வினாக்களே வரும். உங்களுக்கு எது வரும் என்று தெரிந்திருக்கும். வெற்றுச் சாட்டில் பாடத்திட்டப் பகுதியையும் வினா அமைப்பையும் மட்டும் கொடுத்து வினாக்களைப் பெறுங்கள். முந்தைய ஆண்டு வினாத்தாள் கையில் இருந்தால் அதுவே மேல். திருத்தும்போது உங்கள் விடையோடு நூலில் உள்ள தீர்வையும் சேர்த்துக் கொடுங்கள். ஒப்பிடத் தீர்வு இருக்கும்போது பிழையை நியாயப்படுத்தும் வாய்ப்பு குறைகிறது.

நினைவக வசதி உள்ள செயலிகள் உங்களைப் பற்றிய சில தகவல்களைச் சேமித்து வைத்துப் புதிய சாட்டுக்கும் கொண்டுவருகின்றன. அது குறிப்புக்கு மாற்றாகாது. எதைச் சேமிப்பது என்பதைப் பெரும்பாலும் செயலியே தீர்மானிக்கிறது, பழையதாகிப்போன தகவலும் அங்கேயே தங்கிவிடுகிறது. மாதம் ஒருமுறை அமைப்புகளில் அந்தப் பட்டியலைத் திறந்து, காலாவதியானவற்றை அழியுங்கள். சாட்டுகளை ஒரு கோப்புறையாகத் தொகுத்து, அதற்குப் பொதுவான அறிவுறுத்தலை வைக்கும் வசதி இருந்தால், குறிப்பை அந்த அறிவுறுத்தலாக இடுவது ஒவ்வொரு முறையும் ஒட்டும் வேலையை மிச்சப்படுத்தும். அங்கே முழுப் பாடநூலையும் ஏற்றிவிட்டு, அது முழுதும் படிக்கப்படுகிறது என்று நம்பிவிடாதீர்கள். பெரிய கோப்பு என்றால், கேள்விக்குத் தொடர்புடையதாகத் தோன்றும் பகுதிகள் மட்டுமே எடுக்கப்படலாம். படிக்கும் பகுதியின் பக்கங்களை நேரடியாக ஒட்டுவது நம்பகமானது.

இப்போதுள்ள நீண்ட சாட்டை அழிக்க வேண்டாம். ஒரு நாள் மாலை அதைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் புரட்டி, நீங்கள் "ஏன் தவறு?" என்று கேட்ட இடங்களில் மட்டும் நின்று, அவற்றைப் பாடவாரியாகக் குறிப்பில் ஏற்றுங்கள். மூன்று மாதமும் வேண்டியதில்லை. கடைசி மூன்று வாரம் போதும். அதற்கு முன்பு செய்த தவறு இன்னும் உங்களிடம் இருந்தால், அது இந்த மூன்று வாரத்திலும் தலைகாட்டியிருக்கும்.