அடையாளம் தெரியாத டெவலப்பரின் செயலியை மேக்கில் அனுமதிக்கலாமா?

கேள்வி: பழைய பாமினி எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் ஓர் இலவசச் செயலியை, வாட்ஸ்அப் குழுவில் வந்த இணைப்பிலிருந்து மேக்புக்கில் இறக்கினேன். திறக்கப் போனால் ‘unidentified developer’ என்று சொல்லி மறுக்கிறது. இது வைரஸா? அனுமதிக்கலாமா?

பதில்:

அந்த எச்சரிக்கையை மட்டும் வைத்து வைரஸ் என்று சொல்ல முடியாது. ஆப்பிளிடம் ஆண்டுக்கு 99 டாலர் கட்டிப் பதிவு செய்துகொண்ட ஒருவர் தம் சான்றிதழால் கையொப்பமிட்ட செயலி இது அல்ல என்பதே அதன் பொருள். ஓய்வு நேரத்தில் செயலி எழுதி இலவசமாகக் கொடுக்கும் பலர் அந்தத் தொகையைக் கட்டுவதில்லை. ஆகவே நல்லவர் எழுதியதும் திருடர் எழுதியதும் இந்த இடத்தில் ஒரே எச்சரிக்கையைத்தான் பெறுகின்றன.

ஆனால் எல்லா மறுப்பும் ஒன்றல்ல என்பதால், திரையில் இருக்கும் வாசகத்தை முழுதாகப் படியுங்கள். ‘unidentified developer’ என்றோ, 2024இல் வந்த மேக்ஓஎஸ் செக்கோயா பதிப்பில் ‘Apple could not verify’ என்று தொடங்கியோ வந்தால் அது மேலே சொன்ன வகை, அல்லது கையொப்பம் இருந்தும் ஆப்பிளின் தானியங்கிச் சோதனைக்குப் போகாத செயலி. ‘is damaged and can't be opened’ என்று வந்தால், பதிவிறக்கம் பாதியில் கெட்டிருக்கலாம், கையொப்பமிட்ட பிறகு யாரேனும் கோப்பைத் திருத்தியிருக்கலாம், அல்லது எம் வரிசைச் சில்லு உள்ள மேக்குகளில் முறையான கையொப்பம் இல்லாததால் மட்டும்கூட அப்படி வரலாம். ‘will damage your computer’ என்று வந்தால் தீங்கானது என்று ஆப்பிள் ஏற்கெனவே அறிந்த செயலி அல்லது திரும்பப் பெறப்பட்ட சான்றிதழ் என்று கொள்ளுங்கள். அங்கே யோசிக்க ஒன்றுமில்லை, குப்பைத் தொட்டிக்கு அனுப்பிவிடுங்கள்.

உங்கள் கதையில் எனக்கு உறுத்துவது எச்சரிக்கை அன்று, வாட்ஸ்அப் இணைப்புதான். கோப்பு உண்மையில் எந்த முகவரியிலிருந்து வந்தது என்பதை சஃபாரியும் குரோமும் கோப்போடு சேர்த்துக் குறித்து வைக்கின்றன. இறக்கிய கோப்பைத் தேர்ந்தெடுத்து Get Info கொடுத்தால், ‘Where from’ என்ற இடத்தில் அந்த முகவரி தெரியும். அது செயலியை எழுதியவரின் சொந்தப் பக்கமோ நிரலாளர்கள் தம் நிரல்களை வெளியிடும் கிட்ஹப் தளத்தில் அவருடைய பக்கமோ இல்லாமல், இலவச மென்பொருள்களை அள்ளிக் குவித்து வைத்திருக்கும் ஏதோ ஒரு தளமாக இருந்தால், அந்தக் கோப்பை ஆராய்வதில் நேரத்தைச் செலவிடாமல் அழித்துவிட்டு, மூலப் பக்கத்திலிருந்து புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள்.

மூலப் பக்கம் என்பதும் முழுக் காப்பு ஆகாது என்பதற்கு ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றியின் அனுபவமே போதும். 2017 மே மாதத் தொடக்கத்தில் சில நாள்கள், அதன் பதிவிறக்க நகல் சேவையகம் ஒன்றில் புகுந்தவர்கள், அங்கிருந்த HandBrake-1.0.7.dmg கோப்பை எடுத்துவிட்டு, ‘புரோட்டான்’ என்ற உளவு நிரலைச் சேர்த்த கோப்பை வைத்துவிட்டார்கள். முதன்மைத் தளத்தை அவர்கள் தொடவில்லை. பயனர் சரியான தளத்துக்குத்தான் போனார், சரியான பொத்தானைத்தான் அழுத்தினார், ஆனால் கோப்பு அந்த நகல் சேவையகத்திலிருந்து வந்திருந்தால் அவர் மாட்டிக்கொண்டார். அப்போது தப்பிக்க இருந்த எளிய வழி, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு டெவலப்பர்கள் வெளியிட்டிருந்த சரிபார்ப்பு எண்ணோடு இறக்கிய கோப்பின் எண்ணை ஒப்பிடுவதுதான். அதை நீங்களும் செய்யலாம். டெர்மினலில் இப்படி எழுதுங்கள்:

```
shasum -a 256 ~/Downloads/Converter.dmg
```

Converter என்ற இடத்தில் உங்கள் கோப்பின் பெயர் வர வேண்டும். வரும் 64 எழுத்துகளையும் டெவலப்பர் கொடுத்திருப்பதோடு ஒப்பிடுங்கள். கிட்ஹப் 2025 முதல் வெளியீட்டுப் பக்கத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் இந்த எண்ணைத் தானே காட்டுகிறது. ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு கோப்பு. எண் ஒத்துப்போனால் டெவலப்பர் வெளியிட்ட அதே கோப்பு உங்களிடம் இருக்கிறது என்று மட்டும் தெரிகிறது. டெவலப்பரே கெட்டவராக இருந்தாலோ, அவருடைய கணக்கையே யாரேனும் கைப்பற்றியிருந்தாலோ இந்த எண் உதவாது. அதனால் அந்தப் பக்கம் எத்தனை ஆண்டுகளாக இயங்குகிறது, பிழைகளைச் சொன்னவர்களுக்கு அவர் பதில் எழுதியிருக்கிறாரா, மூல நிரல் திறந்து கிடக்கிறதா என்பதையும் பார்ப்பேன். நேற்று தொடங்கிய கணக்கில் ஒரே ஒரு கோப்பு மட்டும் இருந்தால் நான் தொடமாட்டேன்.

கையொப்பம் உள்ளதெல்லாம் நல்லது என்று மறுபக்கம் சாய்ந்துவிடவும் வேண்டாம். 2016 மார்ச்சில் டிரான்ஸ்மிஷன் என்ற செயலியின் 2.90 பதிப்பு, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ‘கீரேஞ்சர்’ நிரலோடு அதிகாரபூர்வத் தளத்திலேயே கிடந்தது. அதில் செல்லுபடியாகும் சான்றிதழின் கையொப்பம் இருந்ததால் மேக் எந்த எச்சரிக்கையும் காட்டவில்லை. அந்தச் சான்றிதழோ, முந்தைய பதிப்புகளில் கையொப்பமிட்டவருடையது அன்று. யார் கையொப்பம் என்பதைப் பார்க்க ஒரு கட்டளை உண்டு:

```
spctl -a -vv /Applications/Converter.app
```

‘Notarized Developer ID’ என்று வந்தால் ஆப்பிளின் தானியங்கிச் சோதனையைத் தாண்டியது என்று பொருள். ‘origin’ வரியில் கையொப்பமிட்டவரின் பெயர் இருக்கும். உங்கள் செயலிக்குப் பெரும்பாலும் ‘rejected’ என்றே வரும். அதற்காகப் பதற வேண்டாம், எச்சரிக்கை முன்பே சொன்னதைத்தான் இதுவும் சொல்கிறது.

இத்தனையும் பார்த்து மனம் ஒப்பினால், செயலியை ஒருமுறை திறக்க முயன்று, வரும் பெட்டியில் Done கொடுத்துவிட்டு, System Settings-இல் Privacy & Security பகுதியின் கீழ்ப்பக்கம் சென்று Open Anyway பொத்தானை அழுத்துங்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் அந்தப் பொத்தான் அங்கே இருக்கும். கன்ட்ரோல் விசையோடு சொடுக்கித் திறக்கும் பழைய வழி செக்கோயாவில் எடுக்கப்பட்டுவிட்டது. இவ்வாறு தரும் அனுமதி அந்த ஒரு செயலிக்கு மட்டுமே. மேக்கின் காவலை மொத்தமாக அணைக்கச் சொல்லும் கட்டளைகள் யூடியூபில் நிறையக் கிடைக்கும். ஒரு எழுத்துரு மாற்றிக்காக அதைச் செய்வது வீண் வேலை.

திறந்த பிறகும் முதல் சில நிமிடங்கள் கவனமாக இருங்கள், ஏனெனில் செயலியின் குணம் அது எதைக் கேட்கிறது என்பதில் தெரிந்துவிடும். ஹேண்ட்பிரேக்கின் கெட்ட நகல் திறந்தவுடன், கூடுதல் கோடெக்குகளை நிறுவ வேண்டும் என்று சொல்லி நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டது. வீடியோ மாற்றி கேட்கிறதே என்று பலர் கொடுத்தும் இருப்பார்கள். எழுத்துரு மாற்றிக்கு, நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் கோப்பைப் படித்து வேறொரு கோப்பாக எழுதும் வேலை மட்டுமே உண்டு. அதற்குக் கடவுச்சொல் தேவையில்லை, Full Disk Access தேவையில்லை, Accessibility அனுமதியும் தேவையில்லை. இவற்றில் ஒன்றைக் கேட்டாலும் மறுத்து, செயலியை மூடி அழித்துவிடுங்கள். கடவுச்சொல்லை ஏற்கெனவே கொடுத்துவிட்டால் இணையத்தைத் துண்டித்து, வேறொரு கணினியிலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். செயலியை அழிப்பது மட்டும் அந்த நிலையில் போதாது.

உங்கள் தேவையைப் பொறுத்தவரை இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் வேலையை உலாவியிலேயே செய்துதரும் பக்கங்கள் பல இருக்கின்றன. உரையை ஒட்டினால் மாறி வந்துவிடும், எதையும் நிறுவ வேண்டாம். மாற்ற வேண்டியவை நாலைந்து கட்டுரைகள் என்றால் அந்த வழியே போங்கள். நூற்றுக்கணக்கான கோப்புகள் என்றாலோ, வெளியே அனுப்பக் கூடாத ஆவணங்கள் என்றாலோ மட்டும் செயலியைத் தேடுங்கள். அப்போது மேக்கில் தனியாக ஒரு சாதாரணப் பயனர் கணக்கைத் தொடங்கி, கோப்புகளின் நகலை அங்கே வைத்து அந்தச் செயலியை இயக்குவதே என் வழக்கம்.